முழாறபாவில் நட்டம் சமமாகப் பகிரப்படுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

இஸ்லாமிய வங்கிமுறையில் ஒருவர் பணம் போட, மற்றவர் உழைக்கும் கூட்டுதான் முழாறபா. கடந்த ஞாயிறு உங்கள் வணிகப் பக்கத்தில் 'முழாறபாவில் இலாபமும் நட்டமும் இரு தரப்பினராலும் சமமாகப் பகிரப்படும்' என்று வந்திருந்தது. கண்டிப் பக்கம் தமிழ்மொழி வங்கிப் பயிலுநர்களுக்கு வகுப்பு எடுப்பவன் நான். மறுநாளே ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து, "சேர், நீங்கள் படிப்பித்தது பிழையா?" என்று கேட்டது. எனக்கு மிகவும் மனம் நொந்தது.

உங்களுக்குத் தெரியாததல்ல. நுவரெலியாவில் மரக்கறி வியாபாரம் செய்யும் ஒருவருக்கு இன்னொருவர் 5 இலட்சம் ரூபாய் கொடுக்கிறார். இலாபத்தில் பணம் போட்ட முதலாளருக்கு 60, உழைப்பவருக்கு 40 என்று பேச்சு. 1 இலட்சம் இலாபம் வந்தால் 60,000, 40,000 என்று பிரியும். 50,000 நட்டம் வந்தால் முழுவதும் பணம் போட்டவரின் தலையில்தான். மற்றவருக்குப் போனது அவருடைய உழைப்பு. அவர் கவனயீனமாக இருந்தாலோ, உடன்பாட்டை மீறினாலோ மட்டுமே அவரிடம் கேட்கலாம். முழாறபா வைப்பில் பணம் போட்டவர் வாடிக்கையாளர், உழைப்பவர் வங்கி. கவுண்டரில் இருக்கும் பிள்ளை 'நட்டத்தில் பாதி வங்கிக்கு' என்று சொன்னால் அந்த வாடிக்கையாளரின் கதி என்ன?

முஷாரகா வேறு. அதில் இருவரும் பணம் போடுகிறார்கள். 3 இலட்சமும் 2 இலட்சமும் போட்டவர்கள் இலாபத்தைப் பாதிக்குப் பாதி என்று பேசிக்கொள்ளலாம். ஆனால் 50,000 நட்டம் வந்தால் 30,000, 20,000 என்று முதலின்படிதான். இரண்டையும் 'புரொபிட் அன்ட் லொஸ் ஷெயாரிங்' என்ற ஒரே ஆங்கிலத் தலைப்பின் கீழ் போட்டு, அதை 'இலாப நட்டப் பங்கீடு' என்று சொல்லுக்குச் சொல் மாற்றுவதால் வந்த வினை இது.

இது இன்று தொடங்கியதும் அல்ல. 2005 வங்கிச் சட்டத் திருத்தத்தோடு இலங்கையில் இஸ்லாமிய வங்கிமுறைக்கு வழி திறந்தது. இத்தனை வருடம் கழித்தும் எங்கள் கைக்கு வரும் பயிற்சிக் குறிப்பில் முழாறபா, முதாரபா, முளாரபா என்று ஒரே புத்தகத்தில் மூன்று எழுத்து. பயிலுநர் மூன்று கணக்கு வகை என்று எழுதிவைக்கிறார். இலாபத்தைப் பிரிக்கும் விகிதத்தை 'இலாப வீதம் 40' என்று போடுகிறார்கள். நம் ஊரில் வீதம் என்றால் வட்டிக்கும் அதுதான், நூற்றுக்கும் அதுதான். 5 இலட்சத்துக்கு 2 இலட்சம் கிடைக்கும் என்று பரீட்சைத்தாளில் கணக்குப் போட்ட பிள்ளைக்கு நான் எப்படிப் புள்ளி குறைப்பது? ஆங்கிலப் பிரதி முதலில் வரும், சிங்களப் பிரதி அப்புறம் வரும், தமிழ்ப் பிரதி பரீட்சைக்கு முன்தினம் வரும். கேட்டால், ஆங்கிலத்தைப் பார்த்துச் சமாளியுங்கள் என்கிறார்கள். தோட்டத்துப் பாடசாலையில் தமிழில் படித்து வந்த பிள்ளை எதைப் பார்த்துச் சமாளிக்கும்?

இதைப் பற்றி முன்பும் உங்களுக்கு எழுதினேன், பிரசுரமாகவில்லை. பரவாயில்லை. இந்த முறை ஒரு திருத்தம் மட்டும் போடுங்கள்: 'முழாறபாவில் இலாபம் பேசிய விகிதப்படி, பண நட்டம் முதலாளருக்கு, முஷாரகாவில் நட்டம் முதலின்படி.' அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வந்தால் வகுப்புச் சுவரில் ஒட்டுவேன்.

வங்கிப் பயிற்றுநர்,
கம்பளை