மாத்திரைக்குப் பதில் சிரப்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு படங்களும் வந்தன. ஒன்றில் பழைய பொட்டாசியம் மாத்திரை அட்டை, இன்னொன்றில் புது சிரப் பாட்டில். மாத்திரை தொண்டையில் நிற்கிறது என்று சொன்னதும் டாக்டர் சிரப்பாக மாற்றிவிட்டார், வேளைக்கு இரண்டு மாத்திரை போட்ட இடத்தில் 15 மில்லி சிரப் சரியாக வருமா என்று கேட்டிருக்கிறாய். கேட்டது நல்லது. மருத்துவமனை மருந்தகத்தில் நான் இருந்த காலமெல்லாம் பொட்டாசியம் சீட்டு வந்தால் மட்டும் இரண்டாவது முறை வாசிப்பேன்.

மாத்திரை அட்டையில் 600 மி.கி. என்று இருக்கிறது. அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பின் எடை. அதற்குள் இருக்கும் பொட்டாசியம் பாதிக்குச் சற்று மேல்தான், மீதி குளோரைடு. அதனால்தான் இந்த மருந்தை மில்லிகிராமில் மட்டும் பேசாமல் உள்ளே இருக்கும் பொட்டாசியத்தை மட்டும் அளக்கும் எம்ஈக்யூ என்ற கணக்கில் பேசுகிறார்கள். மில்லிஈக்விவலன்ட் என்பதன் சுருக்கம் அது. பொட்டாசியத்தைப் பொறுத்தவரை மில்லிமோல் என்று போட்டிருந்தாலும் எண் ஒன்றேதான், குழம்ப வேண்டாம். 600 மி.கி. மாத்திரை ஒன்றில் இருப்பது 8 எம்ஈக்யூ. 750 மி.கி. என்றால் 10. உனக்கு வேளைக்கு இரண்டு மாத்திரை, ஆக 16. காலை, இரவு சேர்த்து ஒரு நாளைக்கு 32.

இப்போது பாட்டில். லேபிளில் பெரிய எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், அதை விட்டுவிடு. கீழே சின்ன எழுத்தில் "ஒவ்வொரு 15 மில்லியிலும்" என்று தொடங்கும் வரிதான் உனக்கு வேண்டியது. உன் பாட்டிலில் 15 மில்லிக்கு 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 20 எம்ஈக்யூ என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். பத்து சதவீதக் கரைசல் என்பதும் இதுதான். வேளைக்கு 20, நாளைக்கு 40. அதாவது டாக்டர் அளவைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். போன வாரம் உன் ரத்தத்தில் பொட்டாசியம் 3.3 தானே வந்தது? சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். மாத்திரை போட்டும் 3.5-ஐத் தொடாததால் கூட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அடுத்த முறை போகும்போது அவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்.

நான் பயப்படுவது இந்தப் பாட்டிலைப் பற்றி அல்ல, அடுத்த பாட்டிலைப் பற்றி. இதே மருந்து இருபது சதவீதக் கரைசலாகவும் வருகிறது. அதில் 15 மில்லிக்கு 40 எம்ஈக்யூ. பெயர் ஒன்று, நிறம் ஒன்று, பாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அதை வாங்கி, பழக்கத்தில் 15 மில்லி காலையும் இரவும் ஊற்றினால் நாளைக்கு 80 போய்விடும். சீட்டில் "15 மில்லி" என்று மட்டும் எழுதியிருந்தால் கடைக்காரரும் கவனிக்காமல் விட வாய்ப்பு உண்டு. எனவே டாக்டரிடம் "20 எம்ஈக்யூ, 15 மில்லி" என்று இரண்டையும் எழுதித் தரச் சொல். மில்லி என்பது தண்ணீரின் அளவு, எம்ஈக்யூதான் மருந்தின் அளவு. பாட்டிலோடு வரும் அளவுக் கோப்பையைத் தவிர வேறு எதிலும் ஊற்றாதே. வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

இன்னொன்றும் பார்த்துக்கொள். பொட்டாசியம் சிட்ரேட் சிரப் என்று தனியாக ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் சிறுநீரகக் கல் பிரச்சினைக்குக் கொடுப்பது. உனக்கு ரத்த அழுத்தத்துக்காகக் கொடுத்த, நீர் பிரிய வைக்கும் மாத்திரையால் பொட்டாசியம் போகிறது. அது போகும்போது குளோரைடையும் கூட்டிக்கொண்டுதான் போகும், ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். குளோரைடு உப்பாகத் திருப்பிக் கொடுத்தால்தான் இரண்டும் நிரம்பும். சிட்ரேட் கொடுத்தால் உடம்பில் அது இன்னும் காரமாக மாறும். "பொட்டாசியம் சிரப் எதுவானாலும் ஒன்றுதானே" என்று யாராவது எடுத்து நீட்டினால் வாங்காதே.

சரி, மாத்திரையை நசுக்கிப் போடலாமா என்ற விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் இன்னும் பாதி அட்டை மாத்திரை இருக்கிறது, சிரப்பின் ருசி பிடிக்காவிட்டால் அதற்குத் திரும்பலாம் என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். திரும்புவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் திரும்பு, ஆனால் நசுக்காதே. அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். அல்லது ஈ.ஆர். என்று இருப்பதைப் பார். மெதுவாக மருந்தை விடும் மாத்திரை என்று பொருள். உன்னுடையது மெழுகுக் கூட்டுக்குள் உப்பைப் பொதிந்து செய்த வகை. தேனடை மாதிரி உள்ளே நுண்ணிய வழிகள் இருக்கும். குடலில் போகப் போக நீர் உள்ளே இறங்கி, உப்பு பல மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நசுக்கினாலோ மென்றாலோ அத்தனை உப்பும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிடும்.

வந்தால் என்ன என்று கேட்பாய். பொட்டாசியம் குளோரைடு செறிவாக ஓரிடத்தில் தங்கினால் அந்த இடத்துச் சவ்வை அரித்துவிடும். புண், ரத்தக்கசிவு, சில சமயம் புண் ஆறிய தழும்பால் குடல் சுருங்கிப்போவதும் உண்டு. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1960களில் குடலில் போய்க் கரையும்படி மேலுறை போட்ட பொட்டாசியம் மாத்திரைகள் இருந்தன. அவை சிறுகுடலில் ஓரிடத்தில் மொத்தமாகக் கரைந்து புண்களை உண்டாக்கியதால்தான் அந்த வடிவம் கைவிடப்பட்டு, இப்போதைய மெதுவாகக் கசியும் வகைகள் வந்தன. முழுசாக விழுங்கினாலும் உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் இதே கதைதான். தொண்டையில் நிற்கிறது என்று நீ சொன்னபோது டாக்டர் யோசிக்காமல் சிரப்புக்கு மாற்றியதற்குக் காரணமும் அதுதான். மாத்திரை போடுகிறவர்கள் சாப்பாட்டோடு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடியோ நின்றபடியோ போட வேண்டும். போட்டவுடன் படுக்கக் கூடாது.

சிலவகை மாத்திரைகளில் ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனியாக உறை போட்டிருப்பார்கள். அவற்றைப் பாதியாக உடைக்கலாம், தண்ணீரில் பிரியவிட்டுக் குடிக்கலாம் என்று உள்ளே வரும் தாளிலேயே எழுதியிருக்கும். உன்னுடையது அந்த வகை இல்லை. மெழுகு வகையில் உப்பு கசிந்து முடிந்ததும் கூடு மட்டும் மலத்தில் வெளியே வருவது உண்டு. முன்பு அப்படிப் பார்த்திருந்தால் மருந்து சேரவில்லை என்று எண்ணி இன்னொன்று போட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

சிரப்புக்கும் அதே காரணத்தால் ஒரு விதி உண்டு. 15 மில்லியை நேரடியாக வாயில் ஊற்றாதே. குறைந்தது அரை டம்ளர், அதாவது 120 மில்லி தண்ணீரில் கலந்து, சாப்பிட்ட பிறகு, ஐந்து பத்து நிமிடத்தில் மெல்ல மெல்லக் குடி. அப்போதும் உப்பும் கசப்புமாகத்தான் இருக்கும், குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் உதவும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக எடுக்காதே. தாங்க முடியாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, கறுப்பாகத் தார் போன்ற மலம், இவற்றில் ஒன்று வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்.

கடைசியாக ரத்தப் பரிசோதனை. "நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு மறுபடி ஊசி" என்கிறாய். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் கிட்டத்தட்ட 98 சதவீதம் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே ரத்தத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பங்குதான் இதயம் துடிக்கும் ஒழுங்கைத் தீர்மானிக்கிறது. 3.3 என்பது குறைவு, 5.5 என்பது அதிகம். இடையில் உள்ள தூரம் எவ்வளவு குறுகலானது பார். மிகையானதை வெளியேற்றும் வேலை பெரும்பாலும் சிறுநீரகத்துடையது. அது கொஞ்சம் சுணங்கினாலும் நேற்றுவரை சரியாக இருந்த 40 எம்ஈக்யூ இன்றைக்கு அதிகமாகிவிடும். அதிகமானால் தசை சோர்வு, படபடப்பு வரலாம். வராமலும் போகலாம், எந்த அறிகுறியும் இல்லாமல் இதயத் துடிப்பு தடுமாறியவர்களும் உண்டு. ஆகவே உடம்பு நன்றாக இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. பொட்டாசியத்தோடு கிரியேட்டினினும் பார்ப்பது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறியத்தான்.

டாக்டர் ரத்த அழுத்த மருந்தை மாற்றினால், குறிப்பாக லோசார்டான், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றில் ஒன்றைச் சேர்த்தால், "நான் பொட்டாசியம் சிரப் எடுக்கிறேன்" என்று நீயே முந்திக்கொண்டு சொல். அவை பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைக்கும். மூட்டுவலிக்கு என்று சொந்தமாக ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடாதே, அது சிறுநீரகத்தின் கையைக் கட்டும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பல பொட்டாசியம் குளோரைடு கலந்தவை, அதுவும் கணக்கில் சேரும்.

எண் எதிர்பாராமல் எகிறி வந்தால் பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். உடனே டாக்டரிடம் சொல். ரத்தம் எடுக்கும்போது முஷ்டியை மடக்கி மடக்கி விரித்தாலும், குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலும், உள்ளிருக்கும் பொட்டாசியம் கலந்து பொய்யாக உயரும். மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், அவசரமானால் ஈ.சி.ஜி.யும் எடுப்பார்கள். அதற்கு மாறாக, சிரப் ஒழுங்காகக் குடித்தும் எண் ஏறவே மாட்டேன் என்றால் மெக்னீசியமும் பார்க்க வேண்டுமா என்று கேள். அது குறைவாக இருந்தால் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும்.

அளவு மாறியதால் ஒரு வாரத்தில் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருப்பார், தள்ளிப்போடாதே. ரிசல்ட் வந்ததும் பொட்டாசியம், கிரியேட்டினின் இரண்டு எண்களையும் எனக்கு அனுப்பு. அடுத்த பாட்டில் வாங்கினால் திறப்பதற்கு முன் அந்தச் சின்ன எழுத்து வரியைப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா