லிஸ்பனிலிருந்து அக்காவுக்கு: ஐந்து வரி வாழ்த்து

லிஸ்பன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் பிள்ளைகளும் நலமா? அம்மாவுக்கு முட்டுவலி இப்போது தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன், சாப்பாட்டுக்கும் குறைவில்லை. போன வாரம் போனில் பேசும்போது சமையற்கட்டில் என்னோடு வேலை செய்யும் அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டாயே, அவர் வேலையை விட்டுப் போகிறார். போர்த்து என்கிற ஊரில் ஒரு ஹோட்டலில் கேக், பேஸ்ட்ரி செய்யும் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. நாளைக்குச் சேர்கிறார். அவருக்கு வாழ்த்து அனுப்ப நான் பட்ட பாட்டை உனக்கு எழுதாமல் தூக்கம் வராது.

அவர் எனக்கு என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும். நான் இங்கே வந்து சேர்ந்த முதல் வாரம், "உப்பு" என்பதற்குக்கூட வார்த்தை தெரியாமல் நின்றவன். பக்கலியாவ் என்று இங்கே ஒரு மீன் உண்டு, உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீன், பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். நம்ம ஊர்க் கருவாடு பார்த்து வளர்ந்தவன்தானே, ஒரு மணி நேரம் ஊறினால் போதும் என்று நினைத்துவிட்டேன். அப்படி இல்லை. கனத்த துண்டு என்றால் ஒரு நாள், ஒன்றரை நாள், சில சமயம் இரண்டு நாள்கூடக் குளிர்ந்த தண்ணீரில் ஊற வேண்டும். நடுவில் மூன்று நான்கு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இறங்கின உப்பிலேயே மீன் கிடக்கும். அவர் துண்டின் கனமான நடுப்பகுதியில் நகமளவு பிய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். என் வாயிலும் ஒரு துணுக்கை வைத்து, "இன்னும் ஒரு தண்ணீர்" என்று விரலைக் காட்டுவார். எனக்குப் போர்த்துகீசிய மொழி வந்தது அப்படித்தான்.

அதனால் வாழ்த்தைப் பெரிதாக எழுதிவிட்டேன் அக்கா. நம்ம ஊர்க் கல்யாணப் பத்திரிகை மாதிரி பதினொரு வரி. எல்லா வளமும் நலமும் பெற்று, இறைவன் அருளால், மேலும் மேலும் உயர்ந்து என்று மனதில் தமிழில் ஓடியதை எல்லாம் அகராதி பார்த்து மாற்றி வைத்தேன். அனுப்புவதற்கு முன்னால், பாத்திரம் கழுவும் பிரிவில் இருக்கிற பெரியவரிடம் காட்டினேன். இந்த ஊர்க்காரர், நிதானமானவர். முழுவதும் படித்துவிட்டு, "நல்ல மனசுடன் எழுதியிருக்கிறாய், ஆனால் இது மேடையில் படிக்கிறது" என்றார். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் நின்றது இவ்வளவுதான், உனக்காகத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன்:

ஓலா, அமீகா! பரபெய்ன்ஷ் பெலு நோவு எம்ப்ரேகு!
ஃபிக்கெய் முயின்து கொன்தென்த் கொம் ஆ நுதீசியா. தூ மெரேசெஷ்.
கெ கோர்ரா தூது பெய்ம் நா செகுந்தா-ஃபெய்ரா.
வாமுஷ் தேர் சவுதாதெஷ் தூவஷ் நா குஸீன்யா.
பெய்ஜீன்யுஷ்.

தோழி, புது வேலைக்கு வாழ்த்துகள். சேதி கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டேன். உனக்குத் தகுதியானதுதான். திங்கட்கிழமை எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். சமையற்கட்டில் உன்னை நினைத்துக்கொண்டே இருப்போம். முத்தங்கள். அவ்வளவுதான் அர்த்தம்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். பரபெய்ன்ஷ் என்று மட்டும் எழுதினால் பிறந்தநாள் வாழ்த்தும் அதுதான், அதனால் எதற்கு என்பதைச் சேர்த்துவிட வேண்டும். நான் முதலில் பொவா சோர்த், அதாவது நல்ல அதிர்ஷ்டம் வாய்க்கட்டும் என்று எழுதியிருந்தேன். அது தப்பில்லை, ஆனால் நேர்முகத்துக்குப் போகிறவருக்குத்தான் அது ரொம்பப் பொருந்தும், இவர் தன் கைத்திறமையால் வேலை வாங்கிவிட்டார், இனிமேல் அதிர்ஷ்டத்தை ஏன் இழுக்கிறாய் என்று கேட்டார். எனக்கு அது சரி என்றே பட்டது. கெ கோர்ரா என்பதில்தான் நான் தடுக்கினேன். கோர்ரெ என்றால் ஓடுகிறது, கோர்ரா என்று கடைசி உயிர் மாறினால் ஓடட்டும் என்று ஆகிவிடும். நடக்கிறது, நடக்கட்டும் என்று நாம் சொல்வது மாதிரி. ஒரே ஒரு எழுத்துதான், அதை விட்டுவிட்டால் வாழ்த்தே இல்லாமல் போய்விடுகிறது.

கிழமையிலும் மாட்டினேன். இங்கே வேலைநாட்களுக்கு எண்தான் பெயர். வாரத்தின் முதல் நாள் என்று திங்களைப் "பிரிமெய்ரா-ஃபெய்ரா" என்று எழுதி வைத்திருந்தேன். அப்படி ஒரு நாளே கிடையாதாம்! ஞாயிறு முதல் நாள், அதற்கு தொமிங்கு என்று தனிப்பெயர் இருக்கிறது, அதனால் திங்கள் இரண்டாவது, செகுந்தா. இதையும் அனுப்பியிருந்தால் அவர் எந்த நாளைச் சொல்கிறேன் என்று யோசித்திருப்பார்.

பெரியவர் அடியோடு நீக்கியது ஒரு வரியைத்தான், அதைச் சொல்ல வேண்டும். "சோதனைக் காலம் சீக்கிரம் முடிந்து நிரந்தரமாகட்டும்" என்று எழுதியிருந்தேன். இங்கே நிரந்தர ஒப்பந்தத்தில் சேர்ந்தாலும் பெரும்பாலான வேலைகளுக்கு முதல் 90 நாள் சோதனைக் காலம், அதற்குள் காரணம் சொல்லாமலே போகச் சொல்லலாம், நாமும் விட்டுவிட்டு வரலாம். இந்த வயதில், கையில் இருந்த நிரந்தர வேலையை விட்டுப் போகிற அவருக்கு அந்த 90 நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கும். "அது அவளுக்குத் தெரியும், அதை நீ எழுதிக் காட்டாதே" என்றார். நான் அக்கறையாகத்தான் எழுதினேன், ஆனால் அவர் சொன்னதுதான் நியாயம். வாழ்த்துச் சொல்லிக்கொண்டே பயத்தையும் கையில் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

மரியாதைக்காக, நீங்கள் என்கிற மாதிரி, வொசே என்று கூப்பிட்டிருந்ததையும் தூ, அதாவது நீ, என்று மாற்றச் சொன்னார். பிரேசில்காரர்கள் நண்பர்களையும் வொசே என்று கூப்பிடுவார்கள், நம்ம சமையற்கட்டிலேயே ஒருவர் இருக்கிறார், ஆனால் இந்த ஊரில் நெருங்கியவர்களை அப்படிக் கூப்பிட்டால் தள்ளி நிற்கிற மாதிரி. கடைசி வரிதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. பெய்ஜீன்யுஷ் என்றால் சின்னச் சின்ன முத்தங்கள். ஆணுக்கு ஆண் என்றால் அப்ராசு, அணைப்பு. பெண்ணுக்கு எழுதும்போது இதுதான் வழக்கம், தம்பி அக்காவுக்கு எழுதுவது போலத்தான் என்றார், அதற்குப் பிறகு கை தயங்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். 1554இல் இதே லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் அச்சடித்து ஒரு சிறு ஜெபப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். நம்ம கடற்கரைக்குப் போர்த்துகீசியர்கள் வந்து போய்க்கொண்டிருந்த காலம். ஜன்னல், சாவி, மேசை எல்லாம் இவர்கள் விட்டுப் போனதுதான். இன்றைக்கு நான் இவர்கள் மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதித் தூத்துக்குடிக்கு அனுப்புகிறேன்.

மத்தியானம் அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது: "ஒப்ரிகாதா, அமீகு. முதா ஆ ஆக்வா!" நன்றி, நண்பா, தண்ணீரை மாற்று என்று. நாளைக்கு வைக்க வேண்டிய மீன் நேற்றிலிருந்து ஊறுகிறது, நான் மறந்தே போயிருந்தேன். இப்போது ஓடிப்போய் மாற்றிவிட்டு வந்துதான் இதை முடிக்கிறேன். நடுத்துண்டில் கொஞ்சம் பிய்த்துப் பார்த்தேன். இன்னும் ஒரு தண்ணீர் வேண்டும்.

அம்மாவிடம் சொல், அடுத்த மாதம் பணம் முதல் வாரத்திலேயே அனுப்புகிறேன்.

உன் தம்பி