கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் காத்திருக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடியில் எங்கள் தெருக்குழாயில் முதல் குடம் சாக்கடை வாடையோடுதான் வருகிறது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எட்டாம் மாதம். வாந்தி, சிறுநீர் கட்டங்காப்பி நிறம், அப்புறம் கண்ணில் மஞ்சள். கீழாநெல்லி கொடுத்து மூன்று நாள் பார்த்தார்கள். நான்காம் நாள், கூப்பிட்டாலும் கண் திறக்கவில்லை. மருத்துவமனையில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஈ கிருமி என்றார்கள். அவள் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை.

தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளுக்கு ஈ வகை வந்தால் 100க்கு 20, 25 பேர் வரை இறக்கக்கூடும். மஞ்சள் தெரிந்த அன்றே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தூக்கக் கலக்கமோ ரத்தக்கசிவோ கண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

கிருமி உள்ளே போய் 2 முதல் 10 வாரம் கழித்துத்தான் நோய் தெரியும். ஆகவே இன்று தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று விடாமல், சாக்கடையோரக் குழாய் இணைப்புகளை அதிகாரிகள் தோண்டிப் பார்க்க வேண்டும். அதுவரை கொதிக்க வைத்தே குடிப்போம்.

- ஒரு வாசகி, காரைக்குடி