மெயில் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

புது வேலைக்குச் சம்பளம் கூட்டிக் கேட்டு நீ எழுதிய மெயில் வரைவைப் படித்தேன். அதற்கப்புறம் உன்னிடமிருந்து பேச்சே இல்லை, அண்ணனிடம் மட்டும் பேசுகிறாயாம். சரி, அந்தப் பழைய இடத்து விஷயத்தை நான் இழுக்கவில்லை. மெயிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் வரியே "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று இருக்கிறது. எதற்கு மன்னிப்பு? கையெழுத்துக்கு முன் சம்பளத்தைப் பற்றிக் கேட்பது வழக்கம்தான். இத்தனை வருடம் ஆஃபர் லெட்டர் தயாரித்தவள் சொல்கிறேன்.

அடுத்து, "10 முதல் 15 சதவீதம் கூட்டினால் நன்றாக இருக்கும்" என்கிறாய். படிப்பவர் 10ஐத்தான் பிடித்துக்கொள்வார். மீதியை நீயே விட்டுக்கொடுத்த மாதிரி. ஒரே தொகையாக எழுது, அது வருட அடிப்படைச் சம்பளம் என்றும் சொல். இல்லாவிட்டால் போனஸையும் சேர்த்துக் கணக்குக் காட்டிவிடுவார்கள்.

வாடகை கூடிவிட்டது என்ற வரியை எடுத்துவிட்டேன். உண்மைதான், ஆனால் உன் வாடகையைக் காட்டி மேலாளர் தன் மேலிடத்தில் பணம் கேட்க முடியாது. நீ செய்த வேலையைக் காட்டிக் கேட்கலாம். போர்ட்ஃபோலியோவில் அத்தனை அழகாக எழுதினாயே, மெயிலில் மட்டும் ஏன் ஒளித்துவைக்கிறாய்?

இப்படி மாற்றியிருக்கிறேன்:

"ஆஃபருக்கு நன்றி. உங்கள் டிசைன் குழுவில் சேர ஆவலாக இருக்கிறேன். கையெழுத்திடும் முன் அடிப்படைச் சம்பளம் பற்றிப் பேச விரும்புகிறேன். 7 திரைகளாக இருந்த பதிவுப் படிவத்தை 3 ஆகச் சுருக்கிய வேலையை, பயனர்களிடம் பேசியதிலிருந்து கடைசி வடிவம் வரை நானே செய்தேன். இந்தப் பொறுப்புக்கும் அதே வேலையைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அதனால் வருட அடிப்படைச் சம்பளத்தை ______ ஆக மாற்ற முடியுமா? பேசுவது வசதி என்றால் வியாழனோ வெள்ளியோ அழைக்கிறேன்."

"நீங்கள் எது சொன்னாலும் சம்மதம்" என்று முடித்திருந்தாய். அதைப் படித்த பிறகு யார் கூட்டித் தருவார்கள்? அண்ணன் சொன்னான் என்று, இல்லாத இன்னொரு ஆஃபரை இருப்பதாகவும் எழுதாதே. காட்டு என்று கேட்டால் என்ன செய்வாய்?

முடியாது என்றும் பதில் வரலாம். புதியவர்களுக்குச் சில இடங்களில் தொகையை முன்பே கட்டிவைத்திருப்பார்கள், அதில் உன் குறை எதுவும் இல்லை. அப்போது ஆறு மாதத்தில் சம்பளத்தை மறுபடி பார்க்க முடியுமா என்று கேள். ஒத்துக்கொண்டால் அதை ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்கு. வாயால் சொன்னவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுபடியும் சொல்கிறேன், ஒரே தொகை. மன்னிப்பு வேண்டாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அனுப்பு. அனுப்பியதும் எனக்கு ஒரு வரி போடு. என்ன பதில் வந்தது என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

அம்மா