எதிர்க்கோடானை அட்டவணையில் தேடாதீர்கள்

எங்கள் வட்டாரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களைப் போல விடைத்தாள் திருத்தி ஓய்ந்தவன்தான். இப்போது காரைக்குடியில் வீட்டுத் திண்ணையில் மாலை வேளைகளில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். சென்ற வாரம் பக்கத்து வீட்டு ஆச்சியின் பேத்தி ஒரு மாதிரித் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து, "ஐயா, இது எப்படித் தப்பாகும்?" என்று கேட்டாள். கேள்வி இது: UAC என்ற எதிர்க்கோடான் உள்ள கடத்து ஆர்.என்.ஏ. எந்த அமினோ அமிலத்தைச் சுமக்கும்? அவள் மெத்தியோனின் என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்துவிட்டு, டைரோசின் என்று எழுதியிருந்தார்கள்.

எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. விடைக்குறிப்பு எழுதியவர் கோடான் அட்டவணையை எடுத்திருப்பார், UAC-க்கு நேரே டைரோசின் என்று இருந்திருக்கும், அதையே எழுதிவிட்டார். ஆனால் அந்த அட்டவணை தூது ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளுக்கானது. 1961-இல் நிரென்பர்க்கும் மத்தேயியும் வெறும் U மட்டுமே உள்ள ஆர்.என்.ஏ.வைக் கொடுத்து, பினைல் அலனின் சங்கிலி வருவதைப் பார்த்தார்கள். அட்டவணையின் UUU கட்டம் நிரம்பியது அப்படித்தான். கடத்து ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளை அதில் நேராகத் தேடவே கூடாது. முதலில் ஜோடி கோடானை எழுத வேண்டும், அப்புறம்தான் அட்டவணை.

ஹீமோகுளோபின் பீட்டா சங்கிலியின் மரபணுவையே எடுத்துக்கொள்வோம். படியெடுத்தலுக்கு வார்ப்பாக இருக்கும் இழையும், அதிலிருந்து வரும் தூதும் இப்படித் தொடங்குகின்றன:

```
வார்ப்பு இழை    3'-TAC CAC GTA-5'
தூது ஆர்.என்.ஏ.  5'-AUG GUG CAU-3'
```

தூதை அட்டவணையில் பார்த்தால் மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின். (முதல் மெத்தியோனின் பிறகு வெட்டி எடுக்கப்படும், அது வேறு கதை.) AUG-க்கு எதிரே வந்து உட்காரும் எதிர்க்கோடான் 3'-UAC-5'. ஆகவே பெண் எழுதியது சரி.

ஆனாலும் கேள்வியிலேயே ஒரு குறை இருக்கிறது. முனை குறிக்காமல் எழுதினால் இடப்பக்கம் 5' என்பதுதான் வழக்கம். அப்படி 5'-UAC-3' என்று படித்தால் அதன் ஜோடி 5'-GUA-3', அதாவது வாலின். ஆத்தங்குடியில் கல் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். கண்ணாடியை ஒட்டிய பக்கம்தான் பிறகு கல்லின் முகம். ஊற்றும்போது இடப்பக்கம் இருந்தது, திருப்பினால் வலப்பக்கம் போய்விடும். எதிர் எதிர் திசையில் ஓடும் இரு இழைகளும் அப்படித்தான். முனையைப் பொறுத்து மெத்தியோனின் வரும் அல்லது வாலின் வரும். டைரோசின் மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் வராது.

அதே தாளில் இன்னொரு கேள்வி, மொழிபெயர்த்தலில் கடத்து ஆர்.என்.ஏ.வின் வேலை பற்றியது. "சரியான அமினோ அமிலத்தைத் தேர்ந்தெடுக்கிறது" என்பது விடைக்குறிப்பு. தேர்ந்தெடுப்பது அதுவல்ல. அமினோ அமிலத்தை அதன்மேல் ஏற்றிவிடும் நொதிதான், அமினோ அசைல் கடத்து ஆர்.என்.ஏ. சிந்தடேஸ், தேர்வு செய்கிறது. 1962-இல் ஒரு சோதனை நடந்தது. சிஸ்டீனைச் சுமந்த கடத்து ஆர்.என்.ஏ.வை எடுத்து, சுமையைக் கழற்றாமலே வேதிமுறையில் சிஸ்டீனை அலனினாக மாற்றினார்கள். ரைபோசோம் கொஞ்சமும் தயங்காமல், சிஸ்டீன் வர வேண்டிய இடத்தில் அலனினைச் சேர்த்துவிட்டது. ஜோடி பொருந்துகிறதா என்பதைத்தான் அது பார்க்கிறது. தலையில் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நொதி தவறாக ஏற்றிவிட்டால், அதற்குமேல் பிடிக்க ரைபோசோமில் ஆளில்லை.

அந்தப் பொருத்தத்தைப் பார்ப்பது யார்? ரைபோசோமின் சிறு துணையலகில் உள்ள ஆர்.என்.ஏ. நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பெற்றது ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக. பாக்டீரியாவின் 16S ஆர்.என்.ஏ.வின் காரங்கள் கோடான் ஜோடியைத் தொட்டுச் சரிபார்ப்பதை அவர் குழு காட்டியது. பெப்டைடு பிணைப்பை உண்டாக்குவதும் பெரிய துணையலகின் 23S ஆர்.என்.ஏ.தான், வினை நடக்கும் இடத்தில் புரதமே இல்லை. அதே தாளில் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் வேலை பற்றிய கேள்விக்கு இதை எழுதிய பையனுக்கு அரை மதிப்பெண், "ரைபோசோமின் கட்டமைப்புப் பொருள்" என்று மட்டும் எழுதியவனுக்கு முழு மதிப்பெண் என்றால் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது.

இரண்டே வேண்டுகோள். எதிர்க்கோடான் அச்சிடும்போது 3', 5' முனைகளையும் சேர்த்து அச்சிடுங்கள். இந்தத் தாளில் மெத்தியோனின் எழுதியவர்களுக்கும் வாலின் எழுதியவர்களுக்கும், ரைபோசோம் ஆர்.என்.ஏ. பிணைப்பை உண்டாக்குகிறது என்று எழுதியவர்களுக்கும் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுங்கள். பொங்கல் விடுமுறைக்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
காரைக்குடி