சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணு

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. நம்ம பயலுக்குத் தடுப்பூசி போட்ட இடத்தில், பிள்ளைக்கு இருமல் வந்தால் எதைக் கவனிக்கணும் என்று கொடுத்த தாளை நேற்று போட்டோ எடுத்து அனுப்பி, "இதில் எதைத்தான் பார்க்க, எல்லாமே பயமா இருக்கு"ன்னு கேட்டிருந்தாய். தாளில் இருப்பது எல்லாம் சரிதான். கிராம செவிலியராக வீடு வீடாகப் போன எனக்கு அதில் ரெண்டே வரிதான் முக்கியம்: மூச்சை எண்ணுவது, நெஞ்சைப் பார்ப்பது.

இருமல் சத்தத்தை வைத்து எடை போடாதே. கடகடன்னு இருமுகிற பிள்ளை பால் குடித்துவிட்டு விளையாடும், இருமவே தெம்பில்லாமல் கிடக்கிற பிள்ளைதான் மோசமாக இருக்கும்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஊர், மார்கழிக் குளிர். பதினொரு மாதப் பையன், மூணு நாளாகச் சளி. நான் போனபோது வளவில் அவன் அப்பத்தா மடியில் கம்பளி சுற்றிக் கிடந்தான். "ராத்திரியெல்லாம் இருமினான், இப்பத்தான் அசந்து தூங்குறான், எழுப்பாதீங்க" என்றார்கள். நான் எழுப்பவில்லை, கம்பளியை விலக்கிச் சட்டையை மட்டும் மேலே தூக்கினேன். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணினேன், 58 வந்தது. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன், 56. அதைவிட எனக்குப் பயம் தந்தது வேறு: மூச்சை உள்ளே இழுக்கிற ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி, விலா முடிகிற இடம், உள்ளே குழி விழுந்தது. மூச்சு இழுத்தால் அந்த இடம் வெளியேதான் வரணும். காலையிலிருந்து பாலும் இறங்கவில்லையாம். அவன் அசந்து தூங்கவில்லை மீனா, மூச்சு விட்டுவிட்டுக் களைத்துப் போயிருந்தான். உடனே 108க்குப் போன் போட்டோம். பெரியாஸ்பத்திரியில் நிமோனியா என்று சொல்லி ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, பிழைத்துவிட்டான்.

இனி உன் கணக்கு. ரெண்டு மாதம் முடியாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, அதிலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்று முடிந்து ஐந்து வயது வரை 40. அந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் அது வேக மூச்சு. நம்ம பயலுக்கு எட்டு மாதம், அதனால் 50. மாசியில் பிறந்தநாள் முடிந்ததும் 40 என்று மாற்றிக்கொள். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணாதே, ஏமாற்றிவிடும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பதும் வேண்டாம், பிள்ளைகள் மூச்சு சீராக இருக்காது. காய்ச்சல் அடித்தால் எண்ணிக்கை கூடும்தான், டாக்டர் எடைக்குச் சொன்ன அளவில் பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சல் தணிந்ததும் திரும்ப எண்ணலாம். அப்போதும் 50 அல்லது அதற்கு மேல் வந்தால் அன்றைக்கே டாக்டர், நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது.

ஆனால் நெஞ்சு குழி விழுந்தால் காய்ச்சல் தணியட்டும் என்று காத்திருக்காதே, நேரே ஆஸ்பத்திரி. பால் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக முழிக்கவில்லை, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறான், நாக்கு நீலம் பூத்திருக்கிறது, அழாமல் சும்மா இருக்கும்போதே உள்மூச்சில் கரகரன்னு சத்தம், இதில் ஒன்று இருந்தாலும் அப்படித்தான். நம்ம நிறத்துக்கு உதட்டைப் பார்த்தால் நீலம் சட்டென்று தெரியாது, நாக்கையும் ஈறையும் பார். ரெண்டு மாதம் முடியாத குழந்தை என்றால் 60 வந்ததுமே, வேறெதுவும் இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று, பலர் தவறுவது இங்கேதான். வேகமாக இருந்த மூச்சு திடீரென்று குறைந்து, பிள்ளை அடங்கிப் போனால் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. முகம் தெளிந்து, பால் குடித்து, உன்னைப் பார்த்துச் சிரித்தால்தான் சரி. துவண்டு கிடந்தால் அது களைப்பு, அதுதான் ரொம்ப ஆபத்தான நேரம்.

போகிற வழியில் படுக்கப் போடாதே, மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள். வாயில் எதையும் திணிக்காதே, புரையேறிவிடும். உன் மாமியார் கற்பூரத் தேங்காயெண்ணெய் தடவணும்பாங்க, மனசு நோகாமல் வேண்டாம்னு சொல்லு. கற்பூரம் கைக்குழந்தைக்கு ஆகாது, உடம்பில் ஏறினால் வலிப்பே வரும். கடையில் கேட்டு வாங்குகிற இருமல் சிரப்பும் வேண்டாம்.

இன்றைக்கு ராத்திரி அவன் நன்றாகத் தூங்கும்போதே சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் எண்ணிப் பார். சளி இல்லாத நாளில் அவன் மூச்சு எப்படி என்று உன் கண்ணுக்குப் பழகணும். எத்தனை வந்தது என்று எனக்கு எழுது.

அம்மா