கண்டறியும் எல்லை 0.02, அனுமதி எல்லை 0.01

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரின் கிழக்கே உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் போர்வெல் தண்ணீர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காவிரி நீர் எட்டிப் பார்க்காத வட்டாரத்தில் டேங்கரையும் போர்வெல்லையும் நம்பிக் காலம் தள்ளுகிறவர்களின் பாட்டைச் செய்தியாளர் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் ‘ஆய்வகச் சோதனையில் காரீயம் அறவே இல்லை என்று உறுதியானது’ என்ற வரி மட்டும் தவறு. நீங்கள் அச்சிட்டிருந்த அறிக்கையின் படமே அதை மறுக்கிறது.

அந்தப் படத்தில் காரீயத்துக்கு நேரே இருப்பது சுழியம் அல்ல; ‘பி.டி.எல்.’ என்ற மூன்று எழுத்து. கண்டறியும் எல்லைக்குக் கீழே என்பது அதன் பொருள். அந்த எல்லை எவ்வளவு என்று அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: லிட்டருக்கு 0.02 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில், காரீயத்துக்கு அனுமதிப்பது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மாற்று நீர்வழி இல்லாவிட்டாலும் இதில் தளர்வு கிடையாது. அனுமதியைப் போல இரண்டு மடங்கு இருந்தால்தான் இந்தச் சோதனைக்குக் கண் தெரியும். தண்ணீரில் 0.015 இருந்திருந்தாலும் அதே மூன்று எழுத்துதான் அச்சாகியிருக்கும்.

அறிக்கை பொய் சொல்லவில்லை. சுடர் வகை அணு உறிஞ்சல் கருவியில் அளந்ததாக அதிலேயே எழுதியிருக்கிறது. காரீய விளக்கின் ஒளியை ஒரு தீச்சுடரின் ஊடாகச் செலுத்தி, தண்ணீரை நுண்துளிகளாக அந்தச் சுடரில் தெளிப்பார்கள். காரீய அணுக்கள் தங்களுக்கே உரிய அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுகின்றன. உறிஞ்சிய அளவைக் கொண்டு எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுகிறோம். உள்ளே இழுக்கும் நீரில் பெரும்பகுதி சுடரை எட்டாமல் வடிகுழாயில் போய்விடும். எட்டிய அணுக்களும் கண நேரத்தில் ஒளிக்கற்றையைக் கடந்து மறைந்துவிடும். அதனால் 0.01 மில்லிகிராம் காரீயம் தரும் உறிஞ்சல், கூர் உணர்திறன் உள்ள 217 நானோமீட்டர் கோட்டில்கூட 0.0004 அளவில்தான் இருக்கும். கருவித் திரையின் கடைசி இலக்கம் சும்மாவே அவ்வளவு ஆடும். செம்புக்கும் துத்தநாகத்துக்கும் இந்தக் கருவி தாராளமாகப் போதும். காரீயத்துக்கு, இந்த வரம்பில், போதாது.

அந்தக் குடியிருப்பில் என் தம்பி மகள் வசிக்கிறாள். நான் பகுப்பாய்வு வேதியியலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் சங்கத்தார் என் பேச்சைக் கேட்டார்கள். அதே சமையலறைக் குழாயில், இரவு முழுக்கத் திறக்காமல் வைத்துக் காலையில் வந்த முதல் நீரைப் பிடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து, கிராஃபைட் உலை வைத்திருக்கும் வேறோர் ஆய்வகத்தில் கொடுத்தோம். அமிலம் முக்கியம். அது இல்லாவிட்டால் காரீயம் மெல்ல மெல்லப் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சோதிப்பவருக்குப் போய்ச் சேர்வது மிச்சம்தான்.

உலையில் சுடர் கிடையாது. விரல் நீளம்கூட இல்லாத கிராஃபைட் குழாய்க்குள் 20 மைக்ரோலிட்டர் நீரை விட்டு, மின்சாரத்தால் படிப்படியாகச் சூடாக்குகிறார்கள். முதலில் நீர் காயும். பிறகு சில நூறு பாகையில் உப்புகள் புகைந்து வெளியேறும். கடைசியில் 1800 பாகை செல்சியஸை ஒட்டி ஏற்றும்போது காரீயம் மொத்தமும் ஒரே மூச்சில் ஆவியாகி ஒளிப்பாதையில் நிற்கும். வடிகாலில் போவது எதுவும் இல்லை என்பதால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே போய் அளக்கலாம். அனுமதி எல்லை இந்த அலகில் 10.

வந்த விடை 8.3 மைக்ரோகிராம். ‘வரம்புக்குள் உள்ளது’ என்று முத்திரையும் குத்தியிருந்தார்கள். சங்கத்தார் நிம்மதியானார்கள். எனக்கு நிம்மதி வரவில்லை. அந்த 8.3, தூய நீரில் தெரிந்த அளவுகளில் கரைத்த காரீயம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துப் போட்ட கோட்டோடு ஒப்பிட்டு வந்த எண். நம் போர்வெல் நீர் தூய நீர் அல்ல. பக்கெட்டில் ஓர் இரவு நின்றால் வெள்ளை வளையம் படியும் அளவுக்குக் கால்சியம். அதோடு குளோரைடும் சல்பேட்டும். உலையில் குளோரைடு செய்யும் வேலையை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள்: காரீயத்தில் ஒரு பகுதி குளோரைடாகி, அளக்கும் கட்டம் வருமுன்பே உப்புப் புகையோடு வெளியேறிவிடும். இதைத் தடுக்க அம்மோனியம் பாஸ்பேட், மக்னீசியம் நைட்ரேட் போன்றவற்றைச் சேர்த்துக் காரீயத்தைப் பிடித்துவைப்பார்கள். சேர்த்தும் முழுக்கத் தடுபடுவதில்லை. அப்போது கருவி குறைத்துச் சொல்லும், அதுவும் நேர்த்தியாக, மூன்று முறையும் ஒரே மாதிரி. எண்கள் ஒத்துப்போவதைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

இதற்குக் கைவசம் உள்ள வழி நியமச் சேர்ப்பு. ஆய்வக வழக்கில் ஸ்டாண்டர்டு அடிஷன் என்பார்கள். தூய நீரில் கோடு போடுவதற்குப் பதில், அளக்க வேண்டிய தண்ணீரிலேயே தெரிந்த அளவு காரீயத்தைச் சேர்த்துக் கோடு போடுவது. சேர்த்த காரீயமும் அதே குளோரைடுக்கு நடுவே அதே நட்டத்தை அடையும். அதனால் நட்டம் எவ்வளவு என்பது கோட்டின் சாய்விலேயே வெளிப்பட்டுவிடும். செய்து தரும்படி கேட்டோம். ஆய்வகத்தார் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். ஒரு மாதிரிக்கு நாலு குடுவை என்றால் வேலையும் நாலு மடங்குதானே.

நாலு 10 மில்லிலிட்டர் குடுவைகள். ஒவ்வொன்றிலும் நம் தண்ணீர் 5 மில்லிலிட்டர். முதலாவதில் காரீயம் எதுவும் சேர்க்கவில்லை. மற்ற மூன்றிலும், நிரப்பிய பின் செறிவு லிட்டருக்கு 5, 10, 15 மைக்ரோகிராம் கூடும்படி சேர்த்தார்கள். நம் தண்ணீர் சேராமல் தூய நீரும் அமிலமும் மட்டும் உள்ள வெற்றுக் கரைசலின் அளவைக் கழித்த பிறகு கிடைத்த உறிஞ்சல் மதிப்புகள் முறையே 0.033, 0.058, 0.082, 0.108. நாலு புள்ளியும் ஒரு நேர்கோட்டில் விழுகின்றன. ஒரு மைக்ரோகிராமுக்குக் கோடு 0.0050 ஏறுகிறது. தூய நீரில் அதே கருவி, அதே நாளில், 0.0080 ஏறியிருந்தது. போட்ட காரீயத்தில் நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கைத்தான் கருவி பார்த்திருக்கிறது. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அச்சை 6.6இல் தொடுகிறது. தண்ணீரைப் பாதியாக நீர்த்திருந்தோம். எனவே உண்மை அளவு 13.2. நாலே புள்ளி என்பதால் இதில் ஏறக்குறைய 1.4 கூடலாம், குறையலாம். குறைந்தாலும் 10க்கு மேலேதான் நிற்கிறது.

முதல் குடுவையின் அதே 0.033ஐத் தூய நீரின் சாய்வால் வகுத்து இரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 8.3. முத்திரை குத்திய எண் பிறந்தது இப்படித்தான். தண்ணீரும் கருவியும் மாறவில்லை. ஒப்பிட்ட கோடுதான் மாறியது.

நியமச் சேர்ப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். அது சாய்வைத் திருத்தும். மொத்தக் கோட்டையும் மேலே தூக்கிவிடும் பிழையைத் திருத்தாது. பயன்படுத்திய அமிலத்திலேயே காரீயம் இருந்தாலோ, உப்புப் புகை ஒளியை மறைத்துக் காரீயம் போல நடித்தாலோ, அந்தக் கூடுதல் நாலு குடுவையிலும் சமமாக ஏறிக் கடைசி விடையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குத் தனியே வெற்றுக் கரைசலும் பின்னணித் திருத்தமும் வேண்டும். இந்த ஆய்வகத்தில் இரண்டும் இருந்தன. அறிக்கையில் அவற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை; கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

கண்டறியும் எல்லைக்கும் இதே நோய் உண்டு. வெற்றுக் கரைசலைப் பத்து முறை அளந்து, அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்து, அந்தத் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கிச் சாய்வால் வகுப்பது வழக்கம். இங்கே விலக்கம் 0.0008. தூய நீரின் சாய்வால் வகுத்தால் 0.3 மைக்ரோகிராம், அறிக்கையில் அச்சாகியிருப்பது அதுதான். ஆனால் நம் தண்ணீரின் சாய்வு 0.0050. அதோடு இரண்டு மடங்கு நீர்ப்பையும் சேர்த்தால் உண்மையான எல்லை 1.0க்குப் பக்கத்தில் வருகிறது. இன்னொரு சங்கதி: காரீயம் சரியாக அந்த எல்லையளவே உள்ள தண்ணீரைச் சோதித்தால், சிதறலின் காரணமாக ஏறக்குறைய பாதி முறை ‘பி.டி.எல்.’ என்றே வரும். எண்ணாக நம்பிச் சொல்ல வேண்டுமானால் விலக்கத்தைப் பத்தால் பெருக்க வேண்டும். இந்தத் தண்ணீருக்கு அது 3.2. நல்லவேளையாக 13.2 அதற்கு வெகு மேலே இருக்கிறது.

ஆகவே அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி இத்தகைய அறிக்கைகளை அச்சிடும்போது ‘பி.டி.எல்.’ என்பதற்குப் பக்கத்திலேயே கண்டறியும் எல்லையையும் அனுமதி எல்லையையும் எண்ணாகப் போடுங்கள். முன்னது பின்னதைவிடப் பெரிதாக இருந்தால் அந்தச் சோதனையை வைத்து ஒரு முடிவும் சொல்ல முடியாது என்பதை வாசகர்களே கண்டுகொள்வார்கள்.

குடியிருப்பில் உள்ளவர்கள் பீதியடையத் தேவையில்லை. ஆனால் தண்ணீரைக் காய்ச்சினால் காரீயம் போகாது. நீர் வற்றுவதால் செறிவு சற்றுக் கூடத்தான் செய்யும். காலையில் குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டு, அந்த நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பிறகு குடிக்கப் பிடிக்கும்படி சொல்லியிருக்கிறேன். காரீயம் நிலத்தடியிலிருந்து வருகிறதா, பித்தளைக் குழாயிலிருந்தும் இணைப்புகளிலிருந்தும் கசிகிறதா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். போர்வெல் வாயிலிலும் மேல்நிலைத் தொட்டியிலும், அதே சமையலறைக் குழாயில் ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகும் பிடித்த பாட்டில்கள் இந்த வாரம் ஆய்வகத்துக்குப் போகின்றன. மூன்றுக்கும் நியமச் சேர்ப்பு கேட்டிருக்கிறோம். முடிவுகள் வந்ததும் மூல அளவீடுகளோடு தங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பகுப்பாய்வு வேதியியலாளர்,
அல்சூர், பெங்களூரு.